ரெண்டு பேர் கோட் பண்ணின செய்திகள்ல ஒத்துப்போறது எவ்வளவு? 88 சதவீதம் வந்தும் ஏன் போதல?

கம்யூனிகேஷன் கோர்ஸ்ல உள்ளடக்கப் பகுப்பாய்வு ப்ராஜெக்ட் எடுத்தா எல்லாரும் ஒரு இடத்துல வந்து நிக்கறாங்க. செய்திகளை சேர்த்தாச்சு, எந்த செய்திக்கு எந்த எண் போடணும்னு விதி சொல்ற கோட்புக் எழுதியாச்சு, ரெண்டு பேர் உக்காந்து ஒவ்வொரு செய்திக்கும் அந்த எண்ணைப் போட்டு கோட் பண்ணியாச்சு, இப்போ "உங்க ரெண்டு பேருக்கும் எவ்வளவு ஒத்துப்போகுது, காட்டுங்க"ன்னு கேக்கறாங்க. உடனே எத்தனை செய்தியில ஒரே கோட் போட்டோம்னு எண்ணி மொத்தத்தால வகுத்து 88 சதவீதம்னு எழுதிடறோம். அந்த எண் ஏன் போதாதுன்னும், அது சரியில்லைன்னா அடுத்து என்ன பண்ணணும்னும் ஒரே ஒரு கேள்வியை வச்சு முழுசா பாத்துடலாம். கோட்புக்ல நிறைய கேள்வி, அதாவது வேரியபிள், இருந்தாலும் ஒவ்வொண்ணுக்கும் இதே வேலைதான்.

உதாரணத்துக்கு 300 செய்திகள், எல்லாம் வெள்ளம் பத்தினது. கேள்வி இதுதான்: இந்த செய்தி வெள்ளத்துக்கு யாரையாவது பொறுப்பாக்குதா? ஆமான்னா 1, இல்லைன்னா 0. கோட் பண்றது மாலா, செந்தில்னு ரெண்டு பேர்னு வச்சுக்குங்க. எண்கள் எல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் போட்டது.

கோட் பண்றதுக்கு முன்னாடி

முதல்ல ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு 20 செய்தியை பேசிப் பேசி கோட் பண்ணிப் பாருங்க, இது பயிற்சி, இதுல வர்ற எண்ணை எங்கயும் எழுதக்கூடாது. இந்த 20-ஐ முடிஞ்சவரை உங்க 300-க்கு வெளிய இருந்து எடுங்க, அதாவது நீங்க ஆராயற தேதிகளுக்கு முன்னாடியோ பின்னாடியோ வந்த இதே மாதிரி செய்திகள்.

"ஒரு செய்தி"ன்னா எதுவரைக்கும்ங்கறதையும் இங்கயே முடிவு பண்ணிடுங்க. தலைப்பு சேருமா, போட்டோவுக்குக் கீழ இருக்கற வரி சேருமா, பக்கத்துல பெட்டி கட்டிப் போட்ட துணுக்கு தனி செய்தியா இல்ல இதோட பகுதியா? இதை முடிவு பண்ணாம விட்டா ஒருத்தர் பெட்டிச் செய்தியையும் படிச்சு 1 போடுவார், இன்னொருத்தர் அதைப் பாக்காமலே 0 போடுவார், அப்புறம் கருத்து வேறுபாடுன்னு நினைச்சு விதியை மாத்திட்டு இருப்பீங்க, ஆனா ரெண்டு பேரும் படிச்சதே வேற வேற.

அப்புறம் 300-லேர்ந்து ஒத்துமையை அளக்கறதுக்கு ஒரு சாம்பிள். குறைஞ்சது 50 செய்தி அல்லது மொத்தத்துல 10 சதவீதம், இதுல எது பெரிசோ அதுன்னு நம்ம துறையில பரவலா எடுத்துக்கறாங்க. 300-ல 10 சதவீதம் 30தான், அதனால 50 எடுங்க. ராண்டமா எடுக்கணும், முதல் 50-ஐ எடுத்தா அது எல்லாம் ஒரே வாரத்து செய்தியா இருந்துடும். ஸ்ப்ரெட்ஷீட்ல ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண் குடுத்து, பக்கத்து காலம்ல `=RAND()` போட்டு, அந்த காலத்தை வேல்யூவா பேஸ்ட் பண்ணிட்டு (இல்லைன்னா ஷீட்டை தொடும்போதெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும்), அதை வச்சு வரிசைப்படுத்தி மேல இருக்கற 50-ஐ எடுத்துக்கலாம்.

இந்த 50-ஐ ரெண்டு பேரும் தனித்தனியா, பேசிக்காம, ஒருத்தர் ஷீட்டை ஒருத்தர் பாக்காம கோட் பண்ணணும். ஒரே ஷேர்டு ஷீட்ல பக்கத்து பக்கத்து காலம்ல போடாதீங்க. கண்ணு தானா அந்தப் பக்கம் போகும், அவ 1 போட்டிருக்காளே நாம ஏதோ விட்டுட்டோம் போலன்னு தோணும், அங்கயே அளவு கெட்டுடுச்சு. நாம அளக்கறது கோட்புக்கை மட்டும் வச்சுக்கிட்டு ரெண்டு தனி ஆள் ஒரே முடிவுக்கு வர்றாங்களாங்கறதை. நடுவுல "இது என்ன போடலாம்?"னு ஒரு மெசேஜ் போனாலும் அது வேற எதையோ அளக்குது.

நாலு கட்டம்

கோட் பண்ணி முடிச்சதும் ரெண்டு ஷீட்டையும் செய்தி எண்ணை வச்சு சேருங்க, வரிசையை நம்பி காலத்தை காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க. ஒருத்தர் தேதிப்படி வரிசைப்படுத்தியிருப்பார், ஒரு வரி நகர்ந்தாலும் போச்சு. திடீர்னு ஒத்துமை ரொம்ப மோசமா வந்தா கோட்புக்கை குறை சொல்றதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பாத்துடுங்க.

A காலம் செய்தி எண், B மாலா, C செந்தில், ரெண்டாவது வரியிலேர்ந்து 51-வது வரி வரைக்கும் தரவு. இப்போ நாலு எண் வேணும்: ரெண்டு பேரும் 1, ரெண்டு பேரும் 0, மாலா மட்டும் 1, செந்தில் மட்டும் 1.

```
=COUNTIFS(B2:B51,1,C2:C51,1)
=COUNTIFS(B2:B51,0,C2:C51,0)
=COUNTIFS(B2:B51,1,C2:C51,0)
=COUNTIFS(B2:B51,0,C2:C51,1)
```

நாலையும் கூட்டினா 50 வரணும். வரலைன்னா எங்கயோ ஒரு கட்டம் காலியா இருக்கு, இல்ல 0, 1 தவிர வேற ஏதோ ஏறியிருக்கு. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, நிறைய பேர் நேரா `B2=C2` மாதிரி போட்டு ஒத்துமையை எண்ணுவாங்க, ஆனா எக்செல் காலிக் கட்டத்தையும் 0-வையும் சமம்னு சொல்லிடும். செந்தில் கோட் பண்ண மறந்த செய்தியும் மாலாவோட 0-வோட ஒத்துப்போனதா கணக்குல ஏறிடும். நாலு கட்டமா எண்ணினா இது உடனே தெரிஞ்சுடும்.

நம்ம உதாரணத்துல வந்தது: ரெண்டு பேரும் 1 போட்டது 4, ரெண்டு பேரும் 0 போட்டது 40, மாலா மட்டும் 1 போட்டது 5, செந்தில் மட்டும் 1 போட்டது 1. ஒத்துப்போனது 44, அதாவது 88 சதவீதம். பாக்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா இப்படி யோசிங்க. மாலா மொத்தம் 9 செய்திக்கு 1 போட்டிருக்கா, செந்தில் 5 செய்திக்கு. மீதி எல்லாம் 0. ரெண்டு பேரும் செய்தியை படிக்காமலே, மாலா கண்ணை மூடிக்கிட்டு ஏதோ 9-க்கு 1 போட்டு, செந்தில் அவன் பாட்டுக்கு ஏதோ 5-க்கு 1 போட்டிருந்தாலும் நிறைய இடத்துல ஒத்துப்போயிருக்கும், ஏன்னா ரெண்டு பேர்கிட்டயும் 0தான் அதிகம். எவ்வளவு ஒத்துப்போயிருக்கும்? மாலா 0 போடற வாய்ப்பு 0.82, செந்திலுக்கு 0.90, பெருக்கினா 0.738, அது 50-ல 36.9 செய்தி. ரெண்டு பேரும் 1 போடற வாய்ப்பு 0.18 பெருக்கல் 0.10, அது 50-ல 0.9 செய்தி. ஆக சும்மா குருட்டாம்போக்குல போட்டாலே சராசரியா 37.8 செய்தியில ஒத்துப்போயிருக்கும்.

அப்போ உண்மையில உழைச்சு கிடைச்ச ஒத்துமை 44-லேர்ந்து 37.8 போக 6.2 செய்தி. கிடைச்சிருக்கக்கூடிய அதிகபட்சம் 50-லேர்ந்து 37.8 போக 12.2. 6.2-ஐ 12.2-ஆல வகுத்தா 0.51. இதுதான் கோஹன் காப்பா. 88 சதவீதம்னு சந்தோஷப்பட்டது, தற்செயலைக் கழிச்சதும் பாதி தூரம்தான் வந்திருக்கு.

நம்ம துறையில இப்போ அதிகம் கேக்கறது கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா. யோசனை கிட்டத்தட்ட இதேதான், ஆனா அது மாலாவோட பழக்கம் செந்திலோட பழக்கம்னு தனித்தனியா பாக்காது, ரெண்டு பேர் போட்ட 100 கோடையும் ஒரே குவியலா பாக்கும், சின்ன சாம்பிளுக்கு ஒரு திருத்தமும் செய்யும். இதே தரவுக்கு ஆல்ஃபாவும் 0.51தான். ரெண்டு கோடர், ரெண்டு வகை, எதுவும் விடுபடலைன்னா பெரும்பாலும் ரெண்டும் பக்கத்துலதான் வரும், அதனால எதைப் போடறதுன்னு ரொம்ப நேரம் குழம்ப வேண்டாம், ஆசிரியர் கேட்டதைப் போடுங்க, கேக்கலைன்னா ஆல்ஃபா போடுங்க. டோன் மாதிரி எதிர்மறை, நடுநிலை, நேர்மறைன்னு வரிசை உள்ள வேரியபிளா இருந்தா ஆல்ஃபா இன்னும் பொருத்தம், ஏன்னா அதுல வரிசைக்குன்னு ஒரு வகை இருக்கு, எதிர்மறைக்கும் நேர்மறைக்கும் நடுவுல உள்ள சண்டையை பெரிசா எண்ணும், நடுநிலையோட உள்ள சண்டையை சின்னதா எண்ணும்.

R தெரிஞ்சா இவ்வளவுதான்:

```
library(irr)
d <- read.csv("codes.csv")
x <- d[, c("mala", "senthil")]
kappa2(x)
kripp.alpha(t(as.matrix(x)), method = "nominal")
```

அந்த `t` முக்கியம். காப்பாவுக்கு செய்திகள் வரியா இருக்கணும், ஆல்ஃபாவுக்கு கோடர்கள் வரியா இருக்கணும், ஒரே பேக்கேஜ்தான் ஆனாலும் அப்படித்தான் இருக்கு. `t` போட மறந்தா எரர் எதுவும் காட்டாது, தப்பான எண்ணை அமைதியா குடுத்துடும். வர்ற விடையில `Subjects = 50`, `Raters = 2`ன்னு இருக்கான்னு பாத்துட்டுதான் ஆல்ஃபாவை எழுதி வைக்கணும். தலைகீழா இருந்தா மாத்திப் போட்டுட்டீங்க.

0.51 வந்தா என்ன பண்றது

ஆல்ஃபாவுக்கு கிரிப்பென்டார்ஃப் வச்ச எல்லை 0.800. 0.667-லேர்ந்து 0.800 வரைக்கும் இருந்தா தற்காலிகமா, ஜாக்கிரதையா மட்டும் முடிவு சொல்லலாம்னு அவர் சொல்றார். காப்பாவுக்கு லாண்டிஸ், கோக்ங்கற ரெண்டு பேர் 1977-ல போட்ட ஒரு அட்டவணையும் சுத்திக்கிட்டு இருக்கு, அதுல 0.41-லேர்ந்து 0.60 வரைக்கும் "மிதமானது"ன்னு ஒரு பேர் இருக்கும். அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு 0.51-ஐ ரிப்போர்ட்ல போடறவங்க உண்டு. என் அபிப்ராயத்துல அது வேண்டாம், அந்த பேரை அவங்களே ஒரு வசதிக்கு வச்சதாத்தான் சொல்லியிருக்காங்க.

0.51 வந்ததும் முதல்ல பாக்க வேண்டியது அந்த நாலு கட்டத்தை. ஒத்துப்போகாதது 6, அதுல 5 மாலா பக்கம், 1 செந்தில் பக்கம். கவனக்குறைவால வந்த பிழைன்னா ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமமா சிதறும். இப்படி ஒரே பக்கம் சாய்ஞ்சிருந்தா ரெண்டு பேர் மனசுலயும் விதி வேற வேறயா இருக்குன்னு சந்தேகப்படணும். (6 செய்தி கொஞ்சம்தான், அதனால எண்ணை மட்டும் வச்சு முடிவு பண்ணாம செய்தியை எடுத்துப் படிக்கணும்.)

இப்போதான் ரெண்டு பேரும் உக்காந்து பேசற நேரம். மாலா 1, செந்தில் 0 போட்ட செய்தி ஒண்ணுல இப்படி ஒரு வரி: "மழைநீர் வடிகால்கள் பல மாதங்களாகத் தூர்வாரப்படவில்லை என்று குடியிருப்பாளர்கள் குற்றம் சாட்டினர்."

"இதுல பேப்பர் யாரையும் குத்தம் சொல்லலையே மாலா, அங்க இருக்கறவங்க சொன்னதைத்தான போட்டிருக்கு?"

"அவங்க சொன்னதை எடுத்துப் போட்டது பேப்பர்தான செந்தில், படிக்கறவங்களுக்கு குற்றச்சாட்டா தான போய் சேருது?"

"சரி, ஆனா யாரைன்னு எங்க இருக்கு? தூர்வாரப்படலைன்னு மட்டும்தான இருக்கு."

ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான், கோட்புக்தான் வாயே திறக்கல. "யாரையாவது பொறுப்பாக்குதா"ன்னு எழுதினமே தவிர, மேற்கோள்ல வர்றது கணக்கான்னு எழுதல. செந்தில் கடைசியா கேட்ட கேள்வி இன்னும் முக்கியம். நம்ம பத்திரிகைத் தமிழ்ல செயப்பாட்டு வாக்கியம் கொட்டிக் கிடக்கு, தூர்வாரப்படவில்லை, எச்சரிக்கப்படவில்லை, மூடப்படாமல் விடப்பட்டது, இப்படி வேலை செய்யாதவர் பேர் வராமலே குற்றச்சாட்டை முடிச்சுடலாம். தமிழ்ச் செய்திகளுக்கு கோட்புக் எழுதறவங்க இதுக்குன்னு ஒரு வரி எழுதியே ஆகணும். மத்த நாலு செய்தியை எடுத்துப் பாத்தாலும் இதே மேற்கோள், செயப்பாட்டு கதைதான்.

செந்தில் மட்டும் 1 போட்ட அந்த ஒரே செய்தி வேற ரகம்: "எச்சரிக்கையை மீறி ஆற்றில் இறங்கியதால் இருவர் உயிரிழந்தனர்." மாலா பொறுப்புன்னா அதிகாரத்துல இருக்கறவங்களைன்னு நினைச்சுக்கிட்டா, செந்தில் பொதுமக்களையும் சேர்த்துக்கிட்டான். ஒரே ஒரு செய்திதான்னு இதை விட்டுடக்கூடாது, விட்டா 300-ல பத்து இடத்துல திரும்ப வரும்.

பேசி முடிச்சு விதியை இப்படி எழுதினாங்கன்னு வச்சுக்குங்க: "வெள்ளத்துக்கோ அதனால வந்த பாதிப்புக்கோ ஒருத்தர், ஒரு அமைப்பு, அல்லது பொதுமக்கள் செஞ்சதோ செய்யாம விட்டதோ காரணம்னு செய்தியில எங்கயாவது சொல்லியிருந்தா 1. நிருபர் வாக்கியமா இருந்தாலும் மேற்கோளா இருந்தாலும் 1. செய்ய வேண்டிய வேலை செய்யப்படலைன்னு இருந்தா, யார்னு பேர் இல்லாட்டியும் 1. இனிமே நடவடிக்கை எடுக்கணும்னு கோரிக்கை மட்டும் இருந்தா 0. மழை, புயல் மட்டும் காரணமா சொல்லியிருந்தா 0." விதிக்குக் கீழ ஒவ்வொண்ணுக்கும் ஒரு உண்மையான வரியை உதாரணமா ஒட்டி வச்சிடுங்க. விதியை விட அந்த உதாரணங்களைத்தான் கோட் பண்ணும்போது திரும்பத் திரும்ப பாப்பீங்க.

புது 50

இங்கதான் நிறைய ப்ராஜெக்ட் தடுக்கி விழுது. பேசி முடிச்சதும் அந்த 6 செய்தியிலயும் கோடை மாத்தி, அதே 50-க்கு திரும்ப கணக்கு போட்டா 1.00 வரும். அது அளவே இல்ல, பேசி ஒத்துக்கிட்டோம்னுதான் அதுக்கு அர்த்தம். புது விதி வேலை செய்யுதான்னு தெரியணும்னா, ரெண்டு பேரும் இதுவரைக்கும் கோட் பண்ணாத இன்னொரு 50-ஐ ராண்டமா எடுத்து, மறுபடியும் தனித்தனியா கோட் பண்ணணும். வேற வழி கிடையாது.

நம்ம உதாரணத்துல ரெண்டாவது சுத்துல ரெண்டு பேரும் 1 போட்டது 9, ரெண்டு பேரும் 0 போட்டது 38, மாலா மட்டும் 1 போட்டது 1, செந்தில் மட்டும் 1 போட்டது 2. ஒத்துப்போனது 47, 94 சதவீதம். மாலா மொத்தம் 10-க்கும் செந்தில் 11-க்கும் 1 போட்டிருக்காங்க, தற்செயலா ஒத்துப்போறது 33.4 வருது, 13.6-ஐ 16.6-ஆல வகுத்தா காப்பா 0.82. ஆல்ஃபாவும் 0.82. சதவீதத்துல 88-லேர்ந்து 94, பெரிய வித்தியாசமா தெரியல, ஆனா காப்பா 0.51-லேர்ந்து 0.82-க்கு போயிருக்கு. மீதி 3 ரெண்டு பக்கமும் சிதறியிருக்கு. இப்போ போகலாம்.

முதல் சுத்து 50-ஐ மறந்துடாதீங்க, அது பழைய விதியில கோட் பண்ணினது. அதையும் புது விதிப்படி திரும்ப கோட் பண்ணித்தான் 300-ல சேர்க்கணும். மீதி 200-ஐ ஆளுக்கு நூறா ராண்டமா பிரிச்சுக்கலாம், ஒரு பத்திரிகை முழுசா மாலாவுக்கு, இன்னொண்ணு முழுசா செந்திலுக்குன்னு மட்டும் பிரிக்காதீங்க, அப்புறம் பத்திரிகைக்கு நடுவுல வித்தியாசம் வந்தா அது பத்திரிகையால வந்ததா கோடரால வந்ததான்னு சொல்லவே முடியாது. ரெண்டு பேரும் கோட் பண்ணின 50-ல ஒத்துப்போகாத 3-ஐ பேசி ஒரு கோடுக்கு வந்து இறுதித் தரவுல போடலாம், ஆனா ரிப்போர்ட்ல எழுதற எண் பேசறதுக்கு முன்னாடி வந்த 0.82தான்.

1 வரவே வராத வேரியபிள்

சில வேரியபிள்ல 1 ரொம்ப அபூர்வம், உதாரணத்துக்கு "செய்தியில விஞ்ஞானி மேற்கோள் இருக்கா". 50-ல மாலா ஒரு செய்திக்கு 1 போட்டா, செந்தில் வேற ஒரு செய்திக்கு 1 போட்டான், மத்த 48-ம் 0. ஒத்துமை 96 சதவீதம், காப்பா மைனஸ் 0.02. பாத்ததும் கணக்கு தப்புன்னு தோணும், தப்பு இல்ல. விஞ்ஞானியை கண்டுபிடிக்கறதுதான் வேலை, அதுல ஒரு தடவை கூட ரெண்டு பேரும் ஒத்துப்போகல, 0 போடறதுல ஒத்துப்போறது யார் வேணா செய்யலாம். இந்த நிலைமையில 96-ஐ எழுதிட்டு காப்பாவை மறைக்கறது சரியில்ல. விஞ்ஞானி வர வாய்ப்புள்ள செய்திகளை ஒரு தேடலால கண்டுபிடிச்சு அதிலேர்ந்து கூடுதலா சில செய்திகளை சாம்பிள்ல சேர்த்து சோதிக்கலாம், ஆனா அப்படி சேர்த்தேன்னு ரிப்போர்ட்ல சொல்லிடணும், ஏன்னா சாம்பிள்ல 1 எத்தனை இருக்குங்கறதைப் பொறுத்து காப்பாவும் மாறும். அதுவும் முடியலைன்னா அந்த வேரியபிளை வச்சு எந்த முடிவும் சொல்லாம விட்டுடுங்க.

ரிப்போர்ட்ல எழுதறது

ஒவ்வொரு வேரியபிளுக்கும் தனி எண் குடுக்கணும், எல்லாத்துக்கும் சேர்த்து சராசரி போடாதீங்க, தேதியும் பத்திரிகைப் பேரும் எப்பவும் 1.00 வரும், அது சராசரியை தூக்கி விட்டு மோசமான வேரியபிளை மறைச்சுடும். நம்ம உதாரணத்துக்கு எழுதறதா இருந்தா இப்படி எழுதலாம்: "300 செய்திகளில் சமவாய்ப்பு முறையில் எடுத்த 50 செய்திகளை இரண்டு கோடர்கள் தனித்தனியே கோட் செய்தனர். முதல் சுற்றில் பொறுப்பாக்கல் என்ற வேரியபிளுக்கு கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா 0.51. மேற்கோள், செயப்பாட்டு வாக்கியம், பொதுமக்களைப் பொறுப்பாக்குவது ஆகியவை குறித்த விதிகள் கோட்புக்கில் சேர்க்கப்பட்டன. புதிதாக எடுத்த 50 செய்திகளில் ஆல்ஃபா 0.82, ஒத்துமை 94 சதவீதம்." முதல் சுத்து 0.51-ஐ மறைக்காதீங்க, விதி எதுக்காக மாறிச்சுன்னு படிக்கறவங்களுக்கு அதை வச்சுதான் புரியும்.